பைனலில் லைவ் டெமோ நின்றுபோனால் கையில் என்ன வைத்திருக்க வேண்டும்? (தறிக் கருவி, 5 நிமிட பிட்ச்)

யாழினி_பெருந்துறை · திங்கள் இரவு 9:40

வணக்கம். வரும் சனிக்கிழமை கோவையில் எங்கள் டீமுக்கு ஹேக்கத்தான் பைனல். நாங்கள் நான்கு பேர், மூன்றாம் ஆண்டு. மேடையில் 5 நிமிடம் பேச வேண்டும், அதன்பின் 3 நிமிடம் நடுவர்களின் கேள்விகள்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசைத்தறியின் கிராங்க் ஷாஃப்டில் ஒரு சின்னக் காந்தம், பக்கத்தில் ஒரு ஹால் சென்சார். குறுக்கே ஓடும் ஒவ்வொரு ஊடை நூலுக்கும் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும், எங்களுக்கு ஒரு துடிப்பு வரும். மூன்று விநாடி துடிப்பே இல்லை என்றால் தறி நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு தறி மட்டும் நின்றால் நூல் பிரச்சினை, எல்லாத் தறியும் ஒன்றாக நின்றால் கரண்ட் போயிருக்கிறது என்று பிரித்துச் சொல்கிறோம். இஎஸ்பி32 இந்தத் தகவலை வைஃபையில் கிளவுடுக்கு அனுப்பும். அங்கிருந்து வெப் பக்கத்தில் வரைபடமாகவும், முதலாளியின் போனில் அலர்ட்டாகவும் வரும். ஹாலுக்குத் தறியைத் தூக்கிப்போக முடியாது என்பதால் இரண்டு சின்ன மோட்டார்களில் சக்கரம் மாட்டி, அவற்றைத் தறிகளாக வைத்திருக்கிறோம்.

அரையிறுதியில் மேடை ஏறியதும் வரைபடம் காலியாகவே நின்றது. ஒன்றரை நிமிடம் நால்வரும் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு ஒரு நடுவர் மேசைக்கே வந்து சென்சாரைக் கையில் வாங்கிப் பார்த்ததால்தான் தேறினோம். பைனலில் அப்படி யாரும் இறங்கி வரமாட்டார்கள். ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் போதுமா? வேறு என்ன தயார் செய்ய வேண்டும்?

---

பைட்_அர்ஜுன் · திங்கள் இரவு 10:05

இரண்டு ஹேக்கத்தானில் பரிசு வாங்கியவன் என்பதால் சொல்கிறேன், லைவ் டெமோவையே எடுத்துவிடுங்கள். 40 விநாடி வீடியோ, பின்னணியில் நீங்கள் பேசுங்கள். அதில் எதுவும் தவறாது. லைவ் செய்தே ஆக வேண்டும் என்றால் ஹால் வைஃபையை நம்பாதீர்கள், உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டைப் போடுங்கள். அதையும் 5 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். பைனலில் முப்பது டீமும் 2.4இல்தான் குவிந்திருக்கும், நெரிசலில் எதுவும் போகாது.

---

திருப்பூர்_ஸ்டால் · திங்கள் இரவு 10:30

இதே கஷ்டம் எனக்கும் வந்தது. நிட்டிங் மெஷின் கண்காட்சியில் ஸ்டால் போட்டிருந்தேன். பையர் உள்ளே வந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. அதிலிருந்து எங்கே போனாலும் ஒரு சின்ன யுபிஎஸ் எடுத்துப் போகிறேன். நீங்களும் 600 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்கி மேசைக்கு அடியில் வைத்துவிடுங்கள், அரை மணி நேரம் தாங்கும். கருவிக்கு மட்டும் என்றால் பவர் பேங்க்கே போதும்.

---

எம்பெடட்_தென்றல் · திங்கள் இரவு 11:15

யாழினி, மாற்று ஏற்பாட்டைப் பற்றிப் பேசும் முன் அன்று என்ன ஆனது என்று தெரிய வேண்டும். சீரியல் மானிட்டரில் என்ன வரி வந்தது என்று யாராவது பார்த்தீர்களா? ஹாட்ஸ்பாட் யாருடைய போன்?

அர்ஜுன் சொன்னதில் பாதி சரி. நெரிசல் உண்மைதான். ஆனால் சாதாரண இஎஸ்பி32இல் 2.4 மட்டும்தான் உண்டு. ஹாட்ஸ்பாட்டை 5இல் வைத்தால் அந்தப் பெயரே அதன் கண்ணில் படாது.

திருப்பூர் அண்ணா சொல்வது கரண்ட் போனால் செய்ய வேண்டியது, யாழினி கேட்பது வேறு. ஆனால் பவர் பேங்க் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. குறைவாக இழுக்கும் கருவியை மாட்டினால் பல பவர் பேங்க்குகள், போன் சார்ஜ் ஆகி முடிந்துவிட்டது என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். உங்கள் கோடில் ஸ்லீப் போட்டிருந்தால் மேடைக்கு வெளியே காத்திருக்கும்போதே கருவி செத்துப்போயிருக்கும். எந்தப் பவர் பேங்க் எடுத்துப் போகிறீர்களோ அதிலேயே ஒரு மணி நேரம் ஓட விட்டுப் பாருங்கள்.

---

யாழினி_பெருந்துறை · செவ்வாய் காலை 7:20

அக்கா, லாக் இருக்கிறது. திரும்பத் திரும்ப `WL_NO_SSID_AVAIL` என்றுதான் வந்திருக்கிறது. ஹால் வைஃபை லாகின் பக்கம் கேட்டதால் நண்பனின் புதுப் போனில் ஹாட்ஸ்பாட் போட்டோம். இப்போது செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் 5 கிகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. பாஸ்வேர்டு தப்பு என்று நினைத்து அதைத்தான் மூன்று முறை மாற்றி அடித்தோம்.

அதோடு இன்னொன்றும் நடந்தது. வெப் பக்கம் இலவச ஹோஸ்டிங்கில் இருக்கிறது. கொஞ்ச நேரம் யாரும் திறக்காவிட்டால் தூங்கிப்போய், திரும்ப எழுந்திருக்க ஒரு நிமிடம் வரை எடுத்துக்கொள்கிறது. அன்று அதுவும் சேர்ந்துகொண்டது.

---

எம்பெடட்_தென்றல் · செவ்வாய் மதியம் 1:10

சரி, இப்போது பேசலாம். பாஸ்வேர்டு தவறு என்றால் வேறு வரி வரும். இது அந்தப் பெயரில் ஒரு வைஃபையே தெரியவில்லை என்பதற்கான வரி. அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் பத்து விநாடியில் கண்டுபிடித்திருக்கலாம். மேடையில் அதைப் படிக்க ஆள் இல்லை, அதுதான் அன்றைக்குப் பெரிய குறை. அதற்குப் பிறகு வருகிறேன்.

சில போட்டிகளில் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் சரியாக ஓடும்போது எத்தனை பொருட்கள் ஒன்றையொன்று நம்பி நிற்கின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மோட்டார், காந்தம், சென்சார், போர்டு, போன் ஹாட்ஸ்பாட், மொபைல் டேட்டா, தகவலை வாங்கிப் பக்கத்துக்கு அனுப்பும் கிளவுட் புரோக்கர், தூங்கும் ஹோஸ்டிங், லேப்டாப், புரொஜெக்டர். இதில் நீங்கள் கண்டுபிடித்தது எது? துடிப்பை எண்ணி, நூல் பிரச்சினையா கரண்ட் பிரச்சினையா என்று பிரிப்பது மட்டும்தான். வைஃபையை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை. கிளவுட் ஓடும் என்று நிரூபித்துக் காட்ட வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. மேடையில் உயிரோடு ஓட வேண்டியது உங்கள் பங்கு மட்டும். மற்ற ஒவ்வொன்றையும் கழற்ற முடியுமா என்று பாருங்கள்.

அப்படிக் கழற்றிக்கொண்டே போனால் படிக்கட்டு மாதிரி ஒன்று கிடைக்கும். மேல் படியில் இப்போது இருப்பது போல எல்லாம். அடுத்த படியில் கிளவுட் இல்லை, புரோக்கரும் வெப் பக்கமும் உங்கள் லேப்டாப்பிலேயே. அதற்கும் கீழே வைஃபையும் இல்லை, போர்டிலிருந்து யுஎஸ்பி கேபிள் நேராக லேப்டாப்புக்கு. அதற்கும் கீழே போர்டே இல்லை, முந்தைய நாள் பதிவு செய்த துடிப்புகள் அதே பக்கத்தில் ஓடும். வீடியோ கடைசிப் படி. ஒன்றைக் கவனியுங்கள், வீடியோவுக்கு மேலே உள்ள எல்லாப் படியிலும் திரையில் தெரியும் பக்கம் ஒன்றுதான். படி இறங்கினாலும் பேசுகிறவர் பேச்சை மாற்ற வேண்டியதில்லை. பேச்சு அறுந்தால்தான் அதை நாங்கள் தோல்வி என்று பார்ப்போம். தகவல் எந்த வழியில் வந்தது என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை.

என் பேச்சைக் கேட்டால் கேபிள் படியிலிருந்தே தொடங்குங்கள். மேல் படிகள் ஓடுகின்றன என்று ஒரு ஸ்லைடில் படமாகக் காட்டினால் போதும்.

---

சோமனூர்_தறிக்காரர் · செவ்வாய் இரவு 8:45

நான் கூலிக்கு நெசவு ஓட்டுகிறவன், எட்டுத் தறி. கம்ப்யூட்டர் விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் அம்மிணி எழுதியதில் ஒன்று சரியில்லை. நூல் அறுந்தால் தறி நிற்கும் என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள். ஊடை அறுந்தாலோ, ஊடை சுற்றிய தார் தீர்ந்தாலோ நிற்கும். நெடுக்கே ஓடும் பாவில் ஓர் இழை அறுந்தால் எங்களைப் போன்ற சாதாத் தறி நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும். துணியில் கோடு விழுந்துகொண்டே போகும். ஓட்டுகிறவர்தான் பார்த்து நிறுத்த வேண்டும். தறி தெரிந்த ஒரு நடுவர் இருந்தால் முதல் கேள்வி அதுதான் வரும்.

இன்னொன்று, வைஃபை உங்கள் கண்டுபிடிப்பு இல்லை என்று ஒருவர் சொல்கிறார். எனக்கு அதுதான் கேள்வியே. ஷெட்டில் கரண்ட் போனால் ரூட்டரும் போய்விடும். அப்போது கரண்ட் போனது என்று என் போனுக்கு யார் சொல்வது?

---

எம்பெடட்_தென்றல் · செவ்வாய் இரவு 9:20

ஐயா சொன்ன இரண்டும் என் நீண்ட பதிலைவிடப் பெரியவை. யாழினி, ரூட்டர் கேள்வி பைனலில் வந்தே தீரும். ஆனால் அது டெமோவில் பதில் சொல்ல வேண்டியது இல்லை, கேள்வி நேரத்துக்கானது. பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

---

யாழினி_பெருந்துறை · செவ்வாய் இரவு 10:50

ஐயா, ரொம்ப நன்றிங்க. நாங்கள் பார்த்த ஷெட்டில் ஊடை அறுந்து நின்றதைத்தான் பார்த்தோம், பாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஸ்லைடில் "நூல் அறுந்தால்" என்பதை "ஊடை நின்றால்" என்று மாற்றிவிட்டோம். ரூட்டருக்கு இப்போதைக்கு எங்களிடம் உள்ள பதில், ரூட்டருக்கும் கருவிக்கும் சேர்த்து ஒரு பேட்டரி. சரியான பதிலா என்று தெரியவில்லை.

அக்கா, இன்று இரண்டாவது படியை முயன்றோம். லேப்டாப்பில் புரோக்கராக மொஸ்கிட்டோ போட்டோம். லேப்டாப்புக்குள் எல்லாம் வேலை செய்கிறது, போர்டிலிருந்து வரவே மாட்டேன் என்கிறது.

---

எம்பெடட்_தென்றல் · புதன் காலை 6:50

மொஸ்கிட்டோ 2.0க்குப் பிறகு கான்ஃபிக் இல்லாமல் ஓட்டினால் அது தன் லேப்டாப்புக்குள் மட்டும்தான் காது கொடுக்கும். `mosquitto.conf` கோப்பில் இதைப் போடுங்கள். இரண்டாவது லிசனர் உங்கள் வெப் பக்கத்துக்கு.

```
allow_anonymous true
listener 1883
listener 9001
protocol websockets
```

பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து விடுகிறோம், அதனால் இது டெமோவுக்கு மட்டும். இதற்குப் பிறகும் வராவிட்டால் விண்டோஸ் ஃபயர்வால். உங்கள் நெட்வொர்க்கை அது பப்ளிக் என்று குறித்து வைத்திருக்கும், 1883ஐ உள்ளே விட அனுமதி கொடுக்க வேண்டும்.

எந்த வைஃபையில் இணைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். லேப்டாப்பின் சொந்த ஹாட்ஸ்பாட் என்றால், லேப்டாப்புக்கு ஏதாவது ஓர் இணைய இணைப்பு இருந்தால்தான் விண்டோஸ் அதைப் போடவே விடும். ஹாலில் அது இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். போன் ஹாட்ஸ்பாட் என்றால் புது ஆண்ட்ராய்டுகளில் ஒவ்வொரு முறையும் ஐபி வரிசை மாறலாம். கோடில் நேற்றைய லேப்டாப் ஐபியை எழுதி வைத்திருந்தால் இன்றைக்குப் போர்டு யாரையோ தேடிக்கொண்டிருக்கும். ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்தில் சின்ன ரூட்டர் கிடைக்கும், வீட்டுப் பழைய ரூட்டராக இருந்தாலும் சரி. அதில் லேப்டாப்புக்கு ஒரே ஐபியை ஒதுக்கி வைத்துவிட்டால் எந்த ஊருக்குப் போனாலும் மாறாது.

---

பைட்_அர்ஜுன் · புதன் காலை 9:15

5 கிகாஹெர்ட்ஸ் விஷயத்தில் நான் சொன்னது தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நெரிசலுக்கு ரூட்டர் தீர்வாகாது, அதுவும் 2.4தான். 2010 ஜூனில் ஐபோன் 4 அறிமுகத்தின்போது ஸ்டீவ் ஜாப்ஸே மேடையில் பக்கம் திறக்காமல் நின்றார். அரங்கத்தில் ஐநூறுக்கும் மேல் வைஃபை ஓடிக்கொண்டிருந்ததால் எல்லோரையும் அணைக்கச் சொன்னார். மாணவர்கள் சொன்னால் யாரும் அணைக்கமாட்டார்கள். அதனால்தான் வீடியோ என்கிறேன்.

---

எம்பெடட்_தென்றல் · புதன் காலை 9:40

நெரிசலைப் பற்றிச் சொன்னது சரி, அதற்குத்தான் கேபிள் படி. கேபிளில் நெரிசல் கிடையாது.

---

கரூர்_மென்டர் · புதன் மாலை 5:30

கல்லூரியில் மாணவர் டீம்களுக்கு வழிகாட்டுகிறேன். நான் வீடியோ பக்கம்தான், ஆனால் வேறு காரணத்துக்காக. 5 நிமிடத்தில் டெமோவுக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. ஒரு மோட்டாரை நிறுத்தி, மூன்று விநாடி காத்திருந்து, பிறகு இரண்டையும் நிறுத்தி, திரும்ப மூன்று விநாடி என்றால் அதிலேயே நேரம் போய்விடும். வீடியோவில் உண்மையான தறியையே காட்டலாம். சத்தத்தோடு ஓடுகிற ஷெட்டில் ஊடை அறுந்து தறி நிற்பதையும், முதலாளியின் போன் ஒலிப்பதையும் காட்டினால் சக்கரத்தைவிட ஆயிரம் மடங்கு பேசும். முதலில் 30 விநாடி அதைக் காட்டிவிட்டு, அப்புறம் மேசையில் சக்கரத்தைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு லைவ் நின்றாலும் கருவி ஓடும் என்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

இன்னொன்று, பல இடங்களில் பிபிடியை முன்னாலேயே வாங்கித் தங்கள் கம்ப்யூட்டரில்தான் ஓட்டுவார்கள். வீடியோ லிங்க்காக இருந்தால் அங்கே திறக்காது, கோப்புக்குள்ளேயே வைக்க வேண்டும். தமிழ் எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும், ஒரு பிடிஎஃப்பும் பென் டிரைவில் இருக்கட்டும். உங்கள் லேப்டாப்புக்கு எப்போது, யார் ஹெச்டிஎம்ஐ மாற்றித் தருவார்கள் என்று காலையிலேயே கேட்டுவிடுங்கள். அந்த மாற்றத்துக்கே இருபது விநாடி போகும்.

---

எம்பெடட்_தென்றல் · புதன் இரவு 8:00

வீடியோவை முதலில் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை, ஐயா. வீடியோ ஓடியதும் நடுவர் மனதில் கேள்வி முடிந்துவிடும். அடுத்து வருகிற சக்கரம் பொம்மையாகத் தெரியும். ஆனால் தறியின் வீடியோவுக்குள்ள வலு எனக்கும் தெரிகிறது. இதை யாழினியே முடிவு செய்யட்டும்.

---

யாழினி_பெருந்துறை · வியாழன் இரவு 11:30

இன்று முழு ஒத்திகை. வீட்டு ரூட்டரில் இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, எல்லாப் போனிலும் டேட்டாவை அணைத்துவிட்டு ஓட்டினோம். துடிப்புகள் லேப்டாப்புக்கு வந்துவிட்டன. ஆனால் பக்கம் வெள்ளையாக நின்றது. வரைபடம் வரையும் நூலகத்தை இணையத்திலிருந்து எடுக்கும்படி எழுதியிருக்கிறோம், இத்தனை நாளும் அது தெரியவே இல்லை. அந்தக் கோப்பை லேப்டாப்புக்கே இறக்கி வைத்தோம்.

அதன்பிறகும் கோடு வரவில்லை. இதற்குத்தான் இரண்டு மணி நேரம் போனது. போர்டு நேரத்தை இணையத்தில் கேட்டு வாங்குகிறது. இணையம் இல்லாததால் அதற்கு 1970 ஜனவரி 1 என்று நினைப்பு. பக்கமோ கடைசி 5 நிமிடத்தை மட்டும் காட்டுகிறது. துடிப்பெல்லாம் ஐம்பது வருடத்துக்கு முன்னால் போய் விழுந்துகொண்டிருந்தது. இப்போது லேப்டாப்புக்கு வந்து சேரும் நேரத்தையே போட்டுவிட்டோம்.

போனில் டேட்டாவைத் திரும்பப் போட்டதும் ஒரு சிக்கல். ரூட்டரில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது, அலர்ட் வருவதில்லை. டேட்டாவை அணைத்து வைத்தால் வருகிறது.

கேபிள் படி சுலபமாக இருந்தது. துடிப்பை வைஃபையில் அனுப்பும்போதே சீரியலிலும் ஒரு வரி எழுத வைத்தோம், லேப்டாப்பில் ஒரு சின்னப் பைதான் நிரல் அதைப் படித்து அதே புரோக்கரில் போடுகிறது. பதிவுப் படிக்கு இதை ஓட விட்டு 4 நிமிடம் பிடித்து வைத்திருக்கிறோம்.

```
mosquitto_sub -t "tari/#" -F "%U %t %p" > pathivu.txt
```

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரம் இருப்பதால், திரும்ப ஓட்டும்போது அதே இடைவெளி விட்டு அனுப்புகிறோம். பழைய நேரத்தை அப்படியே அனுப்பினால் மறுபடி 1970 மாதிரிதான் ஆகும், அதனால் நேரத்தைப் புதிதாகவே போடுகிறோம்.

இரண்டு சந்தேகம். எப்போது படி இறங்குவது, யார் முடிவு செய்வது? பதிவை ஓட்டும்போது அது பதிவு என்று சொல்ல வேண்டுமா? எங்கள் டீமில் ஒருவன், ரகசியமாக ஒரு கீயை அழுத்தினால் "தறி 1 நின்றது" என்று வரும்படி செய்துவிட்டால் எதுவுமே தேவையில்லை என்கிறான்.

---

எம்பெடட்_தென்றல் · வெள்ளி காலை 6:30

ரகசியக் கீ வேண்டாம். நடுவர் எழுந்து வந்து, "அந்த இரண்டாவது சக்கரத்தை நான் நிறுத்துகிறேன்" என்பார். நான் அப்படிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் போவது டெமோ மட்டும் இல்லை, நீங்கள் சொன்ன மற்றதையும் யாரும் நம்பமாட்டார்கள். பதிவு ஓடும்போது பக்கத்தின் மூலையில் பெரிய எழுத்தில் "பதிவு" என்றே வரட்டும். கோடில் ஒரு வரிதான். வாயாலும் ஒரு முறை சொல்லுங்கள், "இது நேற்று இதே சக்கரத்தில் எடுத்த பதிவு" என்று. அதற்கு மேல் மன்னிப்புக் கேட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள்.

முடிவு செய்வது பேசுகிறவர் இல்லை, லேப்டாப்பில் உட்காருகிறவர். பேசுகிறவருக்குத் திரை பின்னால் இருக்கும், என்ன நடக்கிறது என்று தெரியாது. சக்கரம் சுற்றத் தொடங்கி 10 விநாடிக்குள் கோடு வராவிட்டால் யாரையும் கேட்காமல் அடுத்த படிக்கு இறங்கட்டும். மேடையில் யாரும் எதையும் சரிசெய்ய முயலக் கூடாது, ரீஸ்டார்ட் கூட வேண்டாம். உங்கள் அரையிறுதியில் மூன்று முறை பாஸ்வேர்டு அடித்தது அதுதான். ஒவ்வொரு படியும் பிரவுசரில் ஒரு டேப், முன்பே திறந்து ஓடிக்கொண்டிருக்க வேண்டும். `Ctrl+1`, `Ctrl+2`, `Ctrl+3`, அவ்வளவுதான்.

இன்று மாலை ஒத்திகையில் பேசுகிறவருக்குச் சொல்லாமல் வேறொருவர் ஏதாவது ஒரு வயரைப் பிடுங்கட்டும். ஐந்து முறை. பேச்சு நிற்காமல் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

---

கரூர்_மென்டர் · வெள்ளி காலை 10:10

10 விநாடி குறைவு. புரொஜெக்டர் மாறும்போதே திரை நான்கைந்து விநாடி கறுப்பாக இருக்கும். 20 வையுங்கள். மற்றபடி தென்றல் சொன்னது எல்லாம் சரி.

---

திருப்பூர்_ஸ்டால் · வெள்ளி மதியம் 2:00

லேப்டாப் ஸ்லீப் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் சொந்தமாக எடுத்துப் போங்கள். மேடையில் பிளக் பாயிண்ட் எப்போதும் எட்டாத இடத்தில்தான் இருக்கும்.

---

யாழினி_பெருந்துறை · ஞாயிறு காலை 10:15

எல்லோருக்கும் நன்றிங்க. நடந்ததைச் சொல்கிறேன்.

கேபிள் படியிலிருந்தே தொடங்கினோம். வைஃபை, கிளவுட் எல்லாம் ஒரு ஸ்லைடில் படமாக மட்டும். தறி வீடியோவைக் கடைசியில் வைத்தோம், 20 விநாடி. வெள்ளிக்கிழமை ஒத்திகையில் தங்கச்சி ஐந்து முறை வயரைப் பிடுங்கினாள். முதல் இரண்டு முறை நான் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், மூன்றாவதிலிருந்து பார்க்கவில்லை. நேரம் 15 விநாடி என்று நடுவில் வைத்துக்கொண்டோம்.

மேடையில் முதல் சக்கரத்தை நிறுத்தினேன், நான்காவது விநாடியில் "தறி 1 ஊடை" என்று வந்தது. பிறகு அதை ஓட விட்டு, இரண்டையும் ஒன்றாக நிறுத்தப் போகும் முன்பே திரையில் "தறி 2 ஊடை" என்று வந்துவிட்டது. சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மோட்டாரைத் தூக்கி வந்ததில் பசை விட்டு, காந்தம் கழன்று கீழே விழுந்துவிட்டது. நாங்கள் கட்டிய படிக்கட்டில் இதற்குப் படியே இல்லை. தகவல் வரவில்லை என்றால் என்ன செய்வது என்று யோசித்தோம், தவறான தகவல் வந்தால் என்ன என்று யோசிக்கவில்லை. லேப்டாப்பில் இருந்தவன் இரண்டு விநாடி தயங்கிவிட்டு `Ctrl+3` அழுத்தினான். "பதிவு" என்ற எழுத்து வந்தது, நான் அந்த ஒரு வரியைச் சொன்னேன், கரண்ட் போனதைப் பதிவில் காட்டினோம். 5 நிமிடத்துக்குள் முடிந்தது.

கேள்வி நேரத்தில் ஒரு நடுவர் அதையே பிடித்தார். காந்தம் விழுந்தாலும் தறி நின்றதாகத்தான் உங்கள் கருவி சொல்லுமா என்று கேட்டார். ஆமாம், இப்போதைக்கு அப்படித்தான் சொல்லும், ஒரே சென்சாரை நம்பியிருக்கிறோம் என்றேன். ரூட்டர் கேள்வியும் வந்தது, பேட்டரி என்றோம், அவர் முகத்தில் பெரிய திருப்தி இல்லை. இரண்டாம் இடம் கிடைத்தது.

அக்கா, தவறான தகவலுக்கு மேடையில் என்ன படி வைப்பது?

---

எம்பெடட்_தென்றல் · ஞாயிறு மதியம் 12:30

வாழ்த்துகள். அந்த இரண்டு விநாடித் தயக்கம் நியாயமானது. தகவல் வராமல் போனால் கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம். தவறாக வந்தால் சக்கரத்தையும் திரையையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும். லேப்டாப்பில் இருப்பவர் இரண்டையும் பார்க்க முடியாது, சக்கரத்துக்கு அருகில் நிற்கிற மூன்றாவது ஆள் கையைத் தூக்க வேண்டும். எனக்கும் இதைவிட நல்ல வழி தோன்றவில்லை. ஆனால் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நான் பதிவுக்கு இறங்கியிருக்கமாட்டேன். விழுந்த காந்தத்தைக் கையில் எடுத்து, இதுதான் நடந்தது என்று காட்டியிருப்பேன்.

---

கரூர்_மென்டர் · ஞாயிறு மாலை 4:00

காட்டியிருந்தால் அதிலேயே ஒரு நிமிடம் போயிருக்கும், கரண்ட் பகுதியைக் காட்டியிருக்கவே முடியாது. இறங்கியதுதான் சரி.

---

சோமனூர்_தறிக்காரர் · ஞாயிறு இரவு 8:20

அம்மிணி, சந்தோஷம். காந்தத்தைப் பசையில் ஒட்டினால் தறியில் ஒரு வாரம்கூட நிற்காது. எண்ணெயும் பஞ்சும் ஆட்டமும் சேர்ந்து கழற்றிவிடும். வளையம் போட்டுப் போல்ட் முடுக்க வேண்டும். அப்புறம், எங்கள் தறியில் ஊடை அறுந்தால் தறி நிற்கும், மோட்டார் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். பாரம் இல்லாததால் அப்போது மோட்டார் கொஞ்சமாகத்தான் கரண்ட் இழுக்கும். மோட்டார் வயரில் ஒரு சென்சார் போட்டு அதையும் பார்த்தால், காந்தம் விழுந்ததா தறி நின்றதா என்று பிரித்துவிடலாமே? நான் சொல்வது நடக்குமா என்று அந்த அக்காதான் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிறு தறி ஓட்டம் இல்லை. வந்தால் ஒன்றில் மட்டும் மாட்டிப் பார்க்கலாம்.

---

யாழினி_பெருந்துறை · ஞாயிறு இரவு 8:50

வருகிறோம்ங்க ஐயா. நாலு பேரும்.